இரண்டு புள்ளி

அந்த இரண்டு புள்ளியையும் வெட்டியது நான்தான். சிவப்புப் பேனையால், கொஞ்சம் அலுப்போடு.

மூன்றாம் தவணைப் பரீட்சை. ஏழாம் தரம், விஞ்ஞானம், நான்காவது கேள்வி நீர்வட்டம். பாடப்புத்தகத்தில் இருந்த படத்தையே பெயர்களை மறைத்துப் போட்டோக்கொப்பி எடுத்து, ஐந்து அம்புக்குறிகளுக்கும் இலக்கம் போட்டிருந்தேன். பெயர்களைக் கீழே ஒரு பெட்டிக்குள் கொடுத்துமிருந்தேன்: ஆவியாதல், ஒடுங்கல், படிவுவீழ்ச்சி, மேற்பரப்பு ஓட்டம், ஊடுவடிதல். பார்த்து எடுத்து எழுதவேண்டியதுதான் வேலை. முப்பத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தேழு பேர் ஐந்துக்கு ஐந்து. நாலு பேர் வழமைபோலக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தார்கள். மிச்சம் பவித்திரன். முதல் மூன்றும் சரி, நாலாவதையும் ஐந்தாவதையும் மாற்றிப் போட்டிருந்தான். வெட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

பவித்திரனைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசிப்பில் அவன் மெதுவான பிள்ளை. ஒரு வரியை மற்றப் பிள்ளைகள் முடித்து அடுத்த பக்கம் புரட்டும்போது அவன் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருப்பான். சத்தமாக வாசிக்கச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். அதனால் நான் சொல்வதை விட்டுவிட்டேன். அது அவனுக்குச் செய்த உபகாரம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் அவன் ஒன்றும் பேசவில்லை. பள்ளி விட்டு நான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, கேற்றடியில் மழைக்கு ஒதுங்கி நின்றான். புத்தகத்தை உரப்பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான்.

“சேர், ஒண்டு கேக்கட்டா?”

“கேளு.”

புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்தான். “இந்த அம்பு எங்க போகிது சேர்?”

“புள்ளிக்கா வந்த நீ?”

“இல்ல சேர். எங்க போகிதெண்டுதான்.”

எனக்கு மூன்று மணிப் பாதையைப் பிடிக்கவேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைப் பாதை; விட்டால் அடுத்தது வரும்வரை துறையில் நனைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். “புத்தகத்தில என்ன இரிக்கோ அதத்தான் மனே எழுதணும். ஓலெவல்லயும் அப்பிடித்தான்” என்றேன். ஓஎல்லுக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கிறது, அதை ஏன் சொன்னேனோ. அவன் “ஓம் சேர்” என்றான். புத்தகத்தைத் திரும்ப உரப்பையில் சுற்றினான்.

பாதையில் ஏறி, மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றேன். துறைக்கு இறங்குகிற சரிவால் கலங்கல் தண்ணீர் ஓடிவந்து வாவியில் விழுந்துகொண்டிருந்தது. வயல் பக்கத்துச் செம்மண் நிறம். வாவிக்குள் கொஞ்சத் தூரம் வரைக்கும் அந்த நிறம் விசிறிபோலப் பரவி நின்றது. சும்மா நிற்கிற நேரம்தானே என்று பையிலிருந்து என்னுடைய புத்தகத்தை எடுத்தேன்.

மலை, மேகம், ஆறு, கடல். மலையின் சரிவிலே நிலத்தின் மேலால் ஓடிவந்து ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது ஒரு நீல அம்பு. அதன்மேல் தெளிவாக அச்சடித்திருந்தது: ஊடுவடிதல்.

மற்ற அம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பாறைக்கு மேலே நீலப் பட்டையாகத் தரைக்கீழ் நீர். அந்த அம்பின் பக்கத்தில்: மேற்பரப்பு ஓட்டம்.

மேற்பரப்பு என்ற சொல் மண்ணுக்குக் கீழே கிடக்கிறது. ஊடு என்றால் என்ன, வடிதல் என்றால் என்ன என்று தமிழ் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் புரியும். ஆறு வருடம் இந்தப் பக்கத்தைப் படிப்பித்திருக்கிறேன். பலகையில் வரைந்திருக்கிறேன், பார்க்காமலே வரைவேன், அதிலும் எனக்கு ஒரு பெருமை. வருடாவருடம் பிழையாகவே வரைந்திருக்கிறேன்.

பாதைக்காரர், “என்ன சேர், காசு தாற எண்ணம் இல்லியோ?” என்றார்.

வீட்டுக்கு வந்தும் மழை விடவில்லை. எங்கள் ஊர் களுவாஞ்சிகுடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல். இறவாணத்துத் தண்ணீர் முற்றத்தில் வரிசையாகக் குழி பறிக்கும், அவ்வளவுதான். அரை மணித்தியாலம் கொட்டிவிட்டு ஓய்ந்தால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் முற்றம் உலர்ந்ததுபோலக் கிடக்கும். விழுந்ததையெல்லாம் மணல் குடித்துவிடும். அப்படிக் குடித்த தண்ணீர்தான் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி மட்டில் நிற்கும் என்பது கணக்கு. ஆனால் உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே ஏறும். பக்கத்து வீட்டில் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்து மோட்டார் போட்டார்கள், இரண்டு வருடத்தில் தேத்தண்ணிக்கு ஆகாமல் போய்விட்டது. எங்களுடைய கொட்டுக்கிணறு பத்து அடியும் இல்லை, இன்னும் குடிக்கிறோம். பிறந்ததிலிருந்து ஊடுவடிந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான் நான். படத்தில் அது இடம் மாறிக் கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அந்தப் பொடியன்ட புள்ளி?” என்று ஒரே கேள்விதான் கேட்டா.

அடுத்த நாள் முதல் பாடம் எனக்கில்லை. பவித்திரனைக் கூப்பிட்டு அனுப்பினேன். தண்டனைக்கு என்று நினைத்து வந்திருக்கவேண்டும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“எப்பிடிடா கண்டுபிடிச்ச?”

“என்னத்த சேர்?”

“பேர் மாறிக் கிடக்கிறத.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அம்மப்பா கிணறு வெட்டப் போற. லீவு நாளையில நானும் போவன், மண் வாளி இழுக்க. மேல களி, மறுகா சீக்கா மண், அதுக்குக் கீழதான் மணல் வரும். மணல் வந்தா அம்மப்பா கைய வச்சுப் பாப்பாரு. சுத்திவரப் பக்கத்தால வேர்த்து வேர்த்து வடியும் சேர், ஊத்துக் கண்ணு மாதிரி இல்ல, சும்மா வேர்வை மாதிரி. புத்தகத்தில ஊடுவடிதல் எண்டு வாசிக்க அதத்தான் நினைச்ச. ஆனா அம்பு ஆத்தால போகிது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியல்லயாக்கும் எண்டு நாலஞ்சு தரம் கூட்டிப் பாத்த.”

ஆக, மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். இவன் வாசித்திருக்கிறான்.

அவனுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அம்புகளின் பக்கத்தில் பென்சிலால் எழுதி அழித்த தடம். அழுத்தி அழித்ததில் தாள் மயிர் எழும்பி நின்றது.

“எப்ப எழுதின?”

“படிப்பிச்ச அண்டைக்கு.”

“ஏன் அழிச்ச?”

“நீங்கதானே சேர் சொன்ன, புத்தகத்தில கிறுக்கினா அடி எண்டு. வாற வருசம் மத்தப் புள்ளைக்குக் குடுக்கிற புத்தகம்.”

சொன்னது உண்மைதான். உறையின் உட்பக்கத்தில் புத்தகம் வைத்திருந்த பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன, இவனுக்கு முதல் இரண்டு பேர். அவர்களும் இந்தப் பக்கத்தைக் கடந்து எட்டாம், ஒன்பதாம் தரங்களுக்குப் போய்விட்டார்கள். அதிலொருத்தி போன வருடம் இந்தப் படத்தையே பிறிஸ்டல் போட்டில் பெரிதாகக் கீறி வலயக் கண்காட்சியில் இரண்டாம் இடம் எடுத்தவள். பஞ்சில் மேகம், மினுக்கத் தாளில் மழை. அது இப்போதும் அதிபரின் அறையில் தொங்குகிறது. நடுவர்கள் மூன்று பேர் அதன் முன்னால் நின்று புள்ளி போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

விடைத்தாளை வாங்கி வெட்டை அடித்து இரண்டு புள்ளியையும் போட்டு ஒப்பமும் வைத்தேன். அவன் முகத்தில் சந்தோசம் வரும் என்று பார்த்தால் கலக்கம்தான் வந்தது.

“மத்தாக்கள்ர புள்ளிய வெட்டுவீங்களா சேர்?”

“ஏன்?”

“கிஷாந் எனக்குப் பக்கத்தில இரிக்கிறவன்.” அதற்குமேல் விளக்கவில்லை. கிஷாந்தின் கையை எனக்கும் தெரியும்.

அது நான் யோசிக்காத விசயம். இருபத்தேழு பேரும் நான் படிப்பித்ததை எழுதினார்கள். பிழையை எழுதினார்கள் என்று இப்போது வெட்டினால், என் பிழைக்கு அவர்கள் கட்டுவதாகிவிடும். வெட்டவில்லை. அவர்களுக்கும் இருக்கட்டும் என்று விட்டேன். அதிபருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடை எப்படி என்றார். பிறகு எழும்பிப்போய்ச் சுவரில் தொங்கிய படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இரண்டாம் இடம் எடுத்த படம் காணும்” என்றார். கழற்றச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புத்தகம் அச்சிட்ட இடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று மட்டும் முடிவாயிற்று. பக்க இலக்கத்தோடு எழுதி, அதிபரின் முத்திரையும் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம்.

மத்தியானப் பாடத்தில் எல்லோரையும் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. “பிழை எங்க இரிக்கி?” என்று மட்டும் கேட்டேன். வெளியே வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் விளையாட்டு மைதானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடலுக்கு உப்பு நிறம் தீட்டவில்லை என்றான் ஒருவன். சூரியனுக்குச் சிரிக்கிற முகம் எதற்கு என்றாள் இன்னொருத்தி. பத்து நிமிடம் கழித்துப் பின்வாங்கிலிருந்து கிஷாந், “சேர்! மேற்பரப்பு கீழ கிடக்கு!” என்று கத்தினான். பவித்திரன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்தான்.

“பேனைய எடுங்க. எல்லாரும் திருத்துங்க.”

“பேனையாலயா சேர்?” முப்பத்திரண்டு பேரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

“பேனையாலதான். அடுத்து வாற புள்ளைக்கும் தெரியட்டும்.”

பவித்திரனுடைய மேசையடியில் போய் நின்றேன். முதலில் அச்சடித்த இரண்டு சொல்லையும் மை பரவப் பரவக் கறுப்பாக அடித்தான், ஒரு எழுத்தும் தெரியாதபடிக்கு. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே இருந்த அம்புக்கு எழுதினான். அதில் நேரம் போனது. கீழே இறங்குகிற அம்புக்கு வந்தபோது மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.

எழுதி முடித்து, ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் தூக்கி எனக்குக் காட்டினான். அழுத்தமான நீல எழுத்தில் இருந்தது: ஊடுவடிதள்.

அவனாகவே ஒருமுறை விரலை வைத்துக் கூட்டினான். கடைசி எழுத்தில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“சேர், றப்பர் இதுக்குப் போகாதே?”