பூண்டுத் தொக்கு, பேட்ச் எண் 614: தயவுசெய்து சாப்பிட வேண்டாம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் வாங்கிய 200 கிராம் பூண்டுத் தொக்கு பாட்டில் வீட்டில் இருந்தால், மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பேட்ச் எண் 614, தயாரித்த நாள் ஜூன் 14 என்று இருந்தால் அதைச் சாப்பிடாதீர்கள். பாதி காலியாகியிருந்தாலும், ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் இதேதான். மற்ற பேட்ச்களிலும் மற்ற ஊறுகாய்களிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

தப்பு எங்களுடையது. அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூண்டு வதக்கினோம். புளிக்கரைசலும் வினிகரும் பழைய அளவிலேயே போய்விட்டன. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று சத்தம் வந்து எண்ணெய் வழிந்ததாக ஒருவர் சொன்ன பிறகுதான், எடுத்துவைத்திருந்த மாதிரி பாட்டிலைச் சோதித்தோம். புளிப்பு குறையக் குறைய ஏறும் பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும், 5.2 காட்டியது. ஒவ்வொரு அண்டாவையும் பாட்டிலில் அடைக்கும் முன்பே சோதித்திருக்க வேண்டும். அன்று செய்யவில்லை.

புளிப்பு குறைந்த பூண்டு எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் இருக்கும்போது, பொட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் நச்சு அதில் உருவாகலாம். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாமல் போகலாம். அதனால் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். இதுவரை யாருக்கும் உடம்புக்கு முடியவில்லை என்ற தகவல் வரவில்லை. அதை நம்பி நாங்கள் சும்மா இருக்க முடியாது.

ஏற்கெனவே சாப்பிட்டவர்களுக்குப் பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ, காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும், சில சமயம் பல நாள் கழித்தும் வரலாம். பூண்டுத் தொக்கு சாப்பிட்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பாட்டிலைத் திறக்காமல் இரண்டு கவரில் போட்டு இறுகக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். வெளியூர் என்றால் கூரியர் செலவு எங்களுடையது. சிங்க்கில் கொட்ட வேண்டாம், நாய்க்கோ மாட்டுக்கோ வைக்கவும் வேண்டாம். அதில் போட்ட கரண்டியை சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவிவிடுங்கள்.

பில் தேவையில்லை. போட்டோவை நீங்கள் ஆர்டர் கொடுத்த அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 180 ரூபாயும் இரண்டு நாளில் திரும்ப வரும்.

மொத்தம் 186 பாட்டில். கடையில் இருந்த 52-ஐ எடுத்துவைத்துவிட்டோம். மீதி 134 வாங்கியவர்களிடம் இருக்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ கொடுத்திருந்தால் இன்றைக்கே அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அவர்களின் எண் எங்களிடம் இல்லை.