மின்னோட்டம் டெஸ்ட்: கேள்வி வாரியா அலசின ரிப்போர்ட்

டீச்சர்ஸ், போன வாரம் வச்ச 20 ஒரு மார்க் கேள்வி டெஸ்ட்டோட அனாலிசிஸ் இது. எழுதினது 40 பேர், சராசரி 12.4, திட்டவிலக்கம் 3.7, கேஆர்-20 நம்பகத்தன்மை 0.74, கிளாஸ் டெஸ்ட்டுக்கு இது போதும். மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம்னு 11 பேர், 11 பேரா பிரிச்சேன். p-ன்னா சரியா போட்டவங்க விகிதம், பேரு தான் கடினத்தன்மை, ஆனா நம்பர் ஏற ஏற கேள்வி ஈஸின்னு அர்த்தம், எனக்கே அடிக்கடி குழம்பும். D-ன்னா மேல் குழுவுல சரியா போட்டவங்க மைனஸ் கீழ் குழுவுல சரியா போட்டவங்க, அதை 11-ஆல வகுத்தது.

16 கேள்வில பிரச்சனை இல்ல, p 0.40-ல இருந்து 0.85 வரைக்கும், D எல்லாம் 0.27-க்கு மேல. முதல் கேள்வி p 0.95, D 0.09, பயம் தெளிய வச்சது, இருக்கட்டும்.

7வது கேள்வி, 6 ஓம் மின்தடை ரெண்டை பக்க இணைப்புல போட்டா எவ்வளவு? விடை 3. p 0.55, D 0.64. தப்பு ஆப்ஷன்ல 12-ஐ எடுத்தவங்க 14 பேர், அதுல கீழ் குழு மட்டும் 7, மேல் குழு 1. தொடர் இணைப்பு மாதிரியே கூட்டிட்டாங்க, இதை திரும்ப நடத்தணும். 36-ஐ ஒருத்தர் கூட தொடல, செத்த ஆப்ஷன், அடுத்த தடவை 1.5 போடலாம்.

13 தான் மானத்தை வாங்கிடுச்சு. "கம்பியை இழுத்து நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை?"ன்னு கேட்டு, விடை 2 மடங்குன்னு சாவில போட்டது நான். p 0.30, மேல் குழுவுல 2 பேர், கீழ் குழுவுல 5 பேர் சரி, D மைனஸ் 0.27! மேல் குழுல 8 பேர் 4 மடங்குன்னு போட்டிருக்காங்க, என்னடா இதுன்னு பார்த்தா, இழுக்கும்போது கம்பி மெலிஞ்சு குறுக்குப்பரப்பு பாதியாகும்ல, அவங்க சொன்னது தான் கரெக்ட். சாவியை மாத்தி அதே குழுக்களை வச்சு கணக்கு போட்டா p 0.45, D 0.55.

18வது, கிலோவாட் மணி கணக்கு, p 0.20, D 0.09, நாலு ஆப்ஷனுக்கும் 8, 11, 10, 11-ன்னு சமமா பிரிஞ்சிருக்கு, சும்மா குத்துமதிப்பா அடிச்சிருக்காங்க. அந்த பகுதியை கடைசி பீரியட்ல அவசரமா முடிச்சோம், கேள்வி மேல பழி போட முடியாது.

ஒண்ணு, குழுவுக்கு 11 பேர் தான், ஒரு பையன் மாத்தி போட்டா D 0.09 நகரும், அதனால 0.27-க்கும் 0.36-க்கும் நடுவுல சண்டை போடாதீங்க.

13-க்கு 4 மடங்குன்னு போட்ட 18 பேருக்கும் மார்க் ஏத்திட்டேன். 2 மடங்குன்னு போட்ட 12 பேருக்கு குறைக்கல, தப்பு என்னோடது. மார்க் லிஸ்ட்ல சராசரி இப்போ 12.85.