லேபல் கொட்டேஷன் பற்றி

வணக்கம் தம்பி,

லோகோ, ஆறு லேபல், பேஸ்புக் வேலை எல்லாத்துக்கும் சேத்து 72,000 எண்டு நீங்கள் அனுப்பின கொட்டேஷனை வடிவாப் பாத்தன். சாம்பிளில அந்தப் பனையோலைப் பின்னலை ஓரத்தால சுத்திக் கொண்டு வந்திருக்கிறீங்களே, அதை அம்மாட்டக் காட்ட அவ கண்ணாடியப் போட்டுக்கொண்டு கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டு ஓலை மேல கீழ சரியாத்தான் போகுது எண்டா. அவ பெட்டி இழைக்கிற ஆள், லேசில ஒண்டையும் நல்லம் எண்டு சொல்லமாட்டா. ஆனபடியா வேலையில எனக்கு ஒரு குறையும் இல்லை, விலை கூட எண்டும் சொல்ல வரேல்ல. என்ர கைக்கு 72,000 எட்டேல்ல, அதுதான் கதை. பிரஸ்ஸில கேட்டனான், ஸ்டிக்கர் கொஞ்சமா அடிச்சுத் தரமாட்டினமாம், அந்தக் காசும் இதுக்குள்ளதான் பாக்கோணும், அதால டிசைனுக்கு 45,000க்கு உள்ள நிண்டால்தான் எனக்குச் சரிவரும்.

நான் யோசிச்சது இப்பிடி. லோகோ 20,000, அதில கை வைக்கேல்ல. பேஸ்புக் வேலை 10,000ஐ இப்ப விடுவம். ஆறு லேபலில பனாட்டும் புழுக்கொடியலும் பிறகு பாக்கலாம், இப்ப நாலு காணும். அதில மிளகாய்த்தூள், ஒடியல் மா, அரிசிமா மூண்டும் ஒரே பைக்கற், ஒரே அளவு. முதலாவதுக்கு உங்கட 7,000, அதே அமைப்பில பேரும் நிறமும் விபரமும் மாத்திற மற்ற ரெண்டுக்கும் 4,000 படி எடுக்கேலுமோ? பனங்கட்டி வேற கதை, ஓலைக் குட்டானில ஸ்டிக்கர் ஒட்டாது, நூலில கட்டித் தொங்கவிடுற மட்டைதான் வேணும், அது உங்களுக்குப் புதுசாக் கீறுற வேலை, அதுக்கு முழு 7,000 தாறன். எல்லாமாக் கூட்டினா 42,000 வருது.

என்ர பக்கத்தால உங்களுக்கு அலைச்சல் குறைய ஏதும் செய்யேலுமெண்டா செய்யிறன். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் எழுத்தை ரைப் பண்ணிப் பிழை பாத்துத்தான் தருவன், நிறை, விலை, காலாவதித் திகதி போடுற இடம் எல்லாம் எழுதி. திருத்தம் ரெண்டு தரத்துக்கு மேல கேக்கமாட்டன், கேட்டா அதுக்குத் தனியாக் காசு எடுங்கோ. அவசரமும் இல்லை, நல்லூர்த் திருவிழா முடிஞ்சாப் பிறகு தந்தாலும் போதும், இடையில வேற வேலை வந்தா அதை முதல் முடியுங்கோ. அட்வான்ஸ் பாதி முதலே பாங்கில போடுறன், மிச்சம் ஃபைல் தர முதல்.

4,000 எண்டது உங்களுக்குக் கட்டாதெண்டா ஒளிக்காமச் சொல்லுங்கோ தம்பி, நான் கோவிக்கமாட்டன். அப்பிடியெண்டா அரிசிமாவையும் பிறகுக்கு விட்டிட்டு மூண்டு லேபலோட உங்கட விலையிலயே செய்வம், 41,000தானே வரும். முகத்துக்காக ஓமெண்டு சொல்லிப்போட்டு நீங்கள் நட்டப்படுறதில எனக்கு விருப்பமில்லை, பனாட்டுக்கும் புழுக்கொடியலுக்கும் திரும்ப உங்களிட்டத்தான் வரப்போறன்.

ரெண்டில எது சரியெண்டு சொல்லி பாங்க் விபரத்தையும் அனுப்பிவிடுங்கோ, திங்கக்கிழமை காலமை போட்டுவிடுறன். குட்டான் ஒண்டும் தந்துவிடட்டோ, அளவு பாக்க?