அண்ணாவுக்கு விடைகொடுக்க எழுந்தபோது

எல்லாருக்கும் வணக்கம். மைக் வேண்டாம், நம் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருபது பேர்தானே.

2005 ஜூலை 26, மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த அன்று, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம், இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது, லோக்கல் ரயிலும் நின்றுவிட்டது. "வா தம்பி" என்று அண்ணா என்னைக் கையைப் பிடித்து, ஃபோர்ட் பகுதியிலிருந்து மாட்டுங்கா வரை இடுப்பளவுத் தண்ணீரில் நடத்திக் கூட்டிப்போனார். வீட்டில் அண்ணி நான் யாரென்றுகூடக் கேட்கவில்லை. உலர்ந்த வேட்டியும் சூடான ரசம் சாதமும் தந்தார்.

அப்புறம் நான் டீம் லீடர் ஆனேன். மீட்டிங்கிலும் தம்பிதான்! ஒருமுறை மாதக் கணக்கில் மூன்று ரூபாய் இடித்தது. "விடுங்க அண்ணா" என்றேன். முறைத்தார். இரவு ஒன்பதரைக்குக் கண்டுபிடித்தார், தப்பு என்னுடையது, அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே இப்போது உளறிவிட்டேன்.

அண்ணா, திங்கட்கிழமை கணக்கு இடித்தால் போன் செய்வேன், எடுக்க வேண்டும். அண்ணி, மன்னித்துக்கொள்ளுங்கள். சரி, கேக்கை வெட்டலாம், கத்தி எங்கே?