தொடர்ந்து மின்னழுத்தம் ஏறி இறங்கி வீட்டு உபயோகப் பொருட்கள் பழுதாவது குறித்துப் புகார்

அனுப்புநர்
கோ. வேலாயுதம்,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் (ஓய்வு),
பெருமாள் கோயில் மேற்குத் தெரு,
கீழ்ப்புதூர், குடியாத்தம் வட்டம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
மின்வாரியம், இயக்கமும் பராமரிப்பும்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

நாள்: 16.06.2025

பொருள்: பெருமாள் கோயில் மேற்குத் தெருவில் மாலையில் லோ வோல்டேஜ், காற்றடித்தால் ஹை வோல்டேஜ் – வீட்டுப் பொருட்கள் சேதம் – நியூட்ரல் இணைப்பைச் சரிசெய்து, டிரான்ஸ்பார்மர் சுமையை அளந்து நடவடிக்கை எடுக்கவும், இழப்பீடு வழங்கவும் கோருதல்.

பார்வை: பிரிவு அலுவலகத்தில் 21.04.2025, 12.05.2025, 30.05.2025 ஆகிய நாட்களில் பதிவு செய்த புகார்கள்.

ஐயா,

வணக்கம். என் வீட்டு மின் இணைப்பு என் பெயரிலேயே உள்ளது. ஒருமுனை, வீட்டு உபயோகம். மின் அட்டையின் நகலை இணைத்துள்ளேன், இணைப்பு எண் அதில் இருக்கிறது. இதுவரை ஒரு பில்லுக்குக் கூட அபராதம் கட்டியதில்லை.

எங்கள் தெருவில் சித்திரை பிறந்ததிலிருந்து கரண்ட் ஒரு நிலையில் நிற்பதில்லை. இதைப் பலமுறை சொல்லியும், புகாரை "லோ வோல்டேஜ்" என்ற ஒரே தலைப்பில் எழுதி, பியூஸ் மாற்றியதும் "சரிசெய்யப்பட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே இருப்பது இரண்டு கோளாறுகள். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. அதனால்தான் பிரிவு அலுவலகத்தைத் தாண்டித் தங்களுக்கு விவரமாக எழுதுகிறேன்.

முதல் கோளாறு, மாலை நேரத்தில் வருவது. ஆறரை மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கத் தொடங்கும். பத்தரை, பதினொன்றுக்குத்தான் மீளும். பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, நோட்டில் குறித்து வருகிறேன். கணக்கு எழுதியே காலம் கழித்தவனுக்கு இது சிரமமில்லை. எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டும் பார்த்தாயிற்று. வித்தியாசம் இரண்டு வோல்ட்டுக்குள்தான். உதாரணத்துக்கு 11.05.2025 ஞாயிற்றுக்கிழமை: மாலை 5 மணிக்கு 221, இரவு 7 மணிக்கு 178, இரவு 9 மணிக்கு 165, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு 236. அக்னி நட்சத்திரம் முழுக்க ஏறக்குறைய இதே கதைதான். பத்துப் பதினைந்து வோல்ட் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

165 வோல்ட்டில் பேன் சுற்றும், ஆனால் காற்று வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜைத்தான் பொறுக்க முடியவில்லை. கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், 'ம்ம்ம்' என்று உறுமும், நாலைந்து நொடியில் 'டக்' என்று விட்டுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே உறுமல். அழுத்தம் குறைந்தால் மோட்டாரால் கிளம்ப முடியாது. கிளம்ப முடியாத மோட்டார் மின்னோட்டத்தை அதிகமாக இழுத்துச் சுருளைச் சூடாக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. கடைசியில் மே மாத நடுவில் கம்ப்ரஸர் போயே போய்விட்டது. என் மனைவிக்கு இன்சுலின் போட வேண்டும். மருந்தைப் பக்கத்துத் தெருவில் உறவினர் வீட்டுப் பிரிட்ஜில் கொடுத்து வைத்து, வேளாவேளைக்குப் போய் எடுத்து வந்தோம்.

இதற்குக் காரணம் சுமைதான் என்று நினைக்கிறேன். கோயில் அருகில் உள்ள 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இருந்துதான் மூன்று தெருக்களுக்கும் விசைத்தறிக் கொட்டகைகளுக்கும் லைன் போகிறது. அது வைத்த காலத்தில் இந்தப் பக்கம் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. இப்போது மாடி வீடுகள் வந்துவிட்டன, அவற்றில் பல வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. தறிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் முறையாக இணைப்பு வாங்கித்தான் தொழில் செய்கிறார்கள், லோ வோல்டேஜில் அவர்கள் மோட்டாரும்தான் எரிகிறது. புது இணைப்பு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த வாரியம், டிரான்ஸ்பார்மரை மட்டும் பழையபடியே விட்டது எப்படிச் சரியாகும்? எங்கள் தெரு லைனின் கடைக்கோடியில் இருப்பதால் அடி எங்களுக்கு அதிகம்.

இரண்டாவது கோளாறுதான் ஆபத்தானது. காற்றடித்தாலோ மழை பெய்தாலோ வோல்டேஜ் திடீரென்று எகிறுகிறது. 29.05.2025 வியாழன் இரவு, இடியும் காற்றுமாக மழை பிடித்தபோது ஹாலில் இருந்த எல்.இ.டி. பல்பு ஒருமுறை பளீரென்று வெள்ளையாக எரிந்து, பட்டென்று வெடித்தது. மீட்டரைப் பார்த்தேன், 287 காட்டியது. ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் டிவியில் கருகல் வாடை வந்துவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தால், எதிர் வீட்டில் விளக்குகள் மங்கி மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளில் என் வீட்டைப் போலவே பல்புகள் போயிருந்தன. எதிர் வரிசைக்கு வேறு பேஸ்.

ஒரு பேஸில் ஏறி, அதே நேரத்தில் இன்னொரு பேஸில் இறங்கினால் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலை. நியூட்ரல் விட்டுவிட்டால் சுமை அதிகமுள்ள பேஸில் அழுத்தம் விழும், சுமை குறைந்த பேஸில் ஏறும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் எலக்ட்ரீஷியன். மறுநாள் அவர் என் வீட்டு வயரிங், எர்த், மெயின் போர்டு எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, உள்ளே கோளாறு இல்லை என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்.

அன்று இரவே லைன்மேன் மழையில் நனைந்துகொண்டு வந்தார். அவர் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிற வேலை அது. டிரான்ஸ்பார்மரில் இருந்து மூன்றாவது கம்பம், தென்னந்தோப்பு மூலையில் இருப்பது. அதன் மேல் நியூட்ரல் கம்பியின் ஜாயின்ட் கழன்று கிடந்ததாகச் சொன்னார். கம்பியைக் கையால் முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போனார். "கிளாம்ப் கேட்டிருக்கோம் சார், ஸ்டோர்ல வரல. வந்ததும் போட்டுடறோம்" என்றார். இன்று வரை போடவில்லை. கீழே நின்று பார்த்தாலே தெரிகிறது: மற்ற கம்பிகளில் இணைப்புக் கவ்வி இருக்கிறது, நியூட்ரலில் மட்டும் வெறும் முறுக்கு, அதுவும் கறுத்துப்போய். தென்னை மட்டை உரசும்போது இரவில் அந்த இடத்தில் பொறி பறப்பதைத் தெருவில் பலரும் பார்த்திருக்கிறார்கள். இனி வடகிழக்குப் பருவமழை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடிக் காற்றுக்கே அந்த முறுக்கு தாங்காது.

பிரிவு அலுவலகத்தில் கேட்டால், "ஸ்டெபிலைசர் போட்டுக்கங்க" என்கிறார்கள். போட்டுத்தான் இருக்கிறேன், டிவிக்கும் சேர்த்து. 287 வோல்ட் வந்த இரவில் அதுவும் காப்பாற்றவில்லை. அப்புறம், லோ வோல்டேஜில் ஒவ்வொரு வீட்டு ஸ்டெபிலைசரும் அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்க லைனில் இருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். தெரு முழுக்க எல்லோரும் போட்டால் கடைசி வீட்டுக்கு இருப்பதும் போய்விடும். வாரியம் செய்ய வேண்டிய வேலையை நுகர்வோர் தலையில் கட்டுகிற பதில் இது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், அதில் 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. அதாவது சுமார் 216-க்குக் கீழேயும் 244-க்கு மேலேயும் போகக் கூடாது. என் நோட்டில் உள்ள மாலை நேர அளவுகளில் பெரும்பாலானவை 190-ஐக் கூடத் தொடவில்லை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 57-ன்படி சேவைத் தரத்தை ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும். அதைக் காப்பாற்றத் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. சட்டம் பேசி வாரியத்தை மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. நான் கேட்பது சலுகையும் இல்லை என்பதற்காகத்தான் குறிப்பிடுகிறேன்.

சேதத்தில், ரசீது உள்ளவற்றை மட்டுமே கணக்கில் சேர்த்திருக்கிறேன். பிரிட்ஜ் கம்ப்ரஸர் பழுதுக்கு 6,800 ரூபாய். டிவி பவர் போர்டு மாற்ற 3,400 ரூபாய். கிணற்று மோட்டார், அரை எச்.பி., காயில் கட்ட 2,200 ரூபாய். மொத்தம் 12,400 ரூபாய். பல்புகள், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், புகைந்துபோன ஸ்டெபிலைசர் ஆகியவற்றுக்கு ரசீது இல்லை, அதனால் கேட்கவில்லை. எரிந்த பவர் போர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், தங்கள் அலுவலர்கள் வந்தால் காட்டுகிறேன்.

ஆகவே ஐயா, முதலில் அந்த மூன்றாவது கம்பத்தில் நியூட்ரல் இணைப்பை முறையான கிளாம்ப் போட்டு உடனே சரிசெய்ய உத்தரவிட வேண்டுகிறேன். அதோடு லைனில் உரசும் மட்டைகளையும் வெட்ட வேண்டும். தோப்புக்காரரிடம் பேசிவிட்டேன், வெட்டுவதற்கு அவர் ஆட்சேபிக்கவில்லை. இது பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல, ஒரு காலை நேர வேலை. இதற்காவது எஸ்டிமேட், ஒப்புதல் என்று காத்திருக்க வைக்க வேண்டாம்.

அடுத்ததாக, டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸிலும் சுமையை மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் அளந்து பார்க்க வேண்டும். நேரத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மே மாதத்தில் அளக்க வந்தவர்கள் பகல் பதினொன்றரைக்கு வந்தார்கள். 224 காட்டியது, "நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மாலையில் அளந்தால் எந்த பேஸில் சுமை கூடுதல் என்பதும் தெரியும்; வீடுகளைப் பேஸ் மாற்றிப் பிரித்துக் கொடுத்தால் ஓரளவு குறையலாம். போதவில்லை என்றால் 63-ஐ எடுத்துவிட்டு 100 கே.வி.ஏ. வைக்கவோ, தெருக் கோடியில் தனியாக ஒன்று அமைக்கவோ தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாளாகும் என்பது எங்களுக்கும் புரிகிறது. எவ்வளவு நாளாகும் என்று எழுத்தில் சொல்லுங்கள், அது போதும். கோயிலை ஒட்டிய புறம்போக்கில் இடம் இருக்கிறது. ஊராட்சியில் பேச வேண்டுமானால் தெருக்காரர்கள் நாங்கள் உடன் வருகிறோம்.

மேற்படி 12,400 ரூபாய் இழப்பீட்டுக் கோரிக்கையை முறைப்படி பதிவு செய்து, ஏற்கப்படுகிறதா இல்லையா என்பதைக் காரணத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். முன்பு கொடுத்த புகார்களுக்குப் பதிவு எண் வந்ததே தவிர, பதில் வரவில்லை. இந்த மனுவுக்கும் பதில் இல்லையென்றால், நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியிருக்காது.

தெருவில் உள்ள மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பாதிப்பை எழுதிக் கையெழுத்திட்டுள்ளனர்; அதையும் இணைத்துள்ளேன். அலுவலர்கள் எந்த மாலை வந்தாலும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. வேலாயுதம்

இணைப்பு: மின் அட்டை நகல், வோல்டேஜ் குறிப்பு நோட்டின் நகல், பழுது நீக்கிய ரசீதுகள், எலக்ட்ரீஷியன் சோதனைக் குறிப்பு, மூன்றாவது கம்பத்தின் புகைப்படங்கள், தெருவாசிகள் கையெழுத்திட்ட தாள்.

நகல்: செயற்பொறியாளர் அவர்கள் – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.