அப்பாயிக்கு ஒரு வீடியோ கடுதாசி

(சமையலறை மேசை. போனைத் தண்ணி பாட்டில்ல சாத்தி வச்சிருக்கேன். முகம் மட்டும் தெரியுது.)

அப்பாயி, நான்தான். தெரியுதா? இது போன் இல்ல, நீ பதில் சொன்னா எனக்குக் கேக்காது. ஆனாலும் சொல்லு, பரவால்ல. பக்கத்துல தங்கச்சி இருக்கா இல்ல, அவ எங்கிட்ட சொல்லிருவா.

போன்ல பேசுனா நீ என்ன பண்ற? சாப்டியான்னு கேக்குற, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குற, அதோட "காசு ஆவுது, வையிய்யா"ன்னு போனைத் தங்கச்சி கையில குடுத்துர்ற. காசு ஆகாது அப்பாயின்னு எத்தனை வாட்டி சொல்லியாச்சு! அதான் கடுதாசி மாதிரி இதை எடுத்து அனுப்புறேன். நடுவுல வைக்க முடியாது. வேணும்னா திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கலாம்.

தங்கச்சி, சத்தத்தை முழுசா வை. போனைப் படுக்க வைக்காத, நிமித்தி வை. அப்பாயிக்கு ஆபரேசன் பண்ண வலது கண்ணுப் பக்கமா வை.

(இரண்டு கைகளும் கேமராவுக்கு நேரே.)

முதல்ல இதப் பாரு. போன வாரம் பேசுறப்ப என் கையப் பாத்துட்டு "கை இப்படிக் கறுத்துப் போச்சே, என்ன வேலைடா பாக்க வைக்கிறாங்க உன்னை"ன்னு கேட்ட. சிரிச்சு மழுப்பிட்டேன். நீ அன்னைக்கு ராத்திரி தூங்கலைன்னு தங்கச்சி சொன்னா. படிச்சிட்டுப் போன புள்ள எண்ணெயிலயும் கரியிலயும் கெடக்குதோன்னு நெனச்சிருப்ப.

எண்ணெயும் இல்ல, கரியும் இல்ல அப்பாயி. இது தக்காளிச் செடிக் கறை. நாள் முழுக்க எலையையும் தண்டையும் தொட்டா மொதல்ல மஞ்சளா ஒட்டும், அப்பறம் பச்சை, சாயங்காலம் கறுப்பு. உனக்குத் தெரியாததா? நீ கொல்லையில காய் பறிச்சிட்டு வந்து முந்தானையில தொடைக்கிற கறைதான். உனக்கு நாலு செடி, எனக்கு 12 ஏக்கர். அவ்வளவுதான் வித்தியாசம்.

(தெரு. இருட்டு. சைக்கிள் விளக்கு வெளிச்சத்துல பனி.)

காலையில ஆறரை மணி. இருட்டப் பாத்து ராத்திரின்னு நெனச்சிராத. தை மாசத்துல இங்க எட்டரைக்கு மேலதான் பொழுது விடியும். நான் இப்ப வேலைக்குப் போறேன், உனக்கு அங்க 11 மணி. வெயில்ல திண்ணையில காலை நீட்டி உக்காந்திருப்ப. வெயில் காலம் வந்தா இங்க கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னாடி திருப்பி வச்சிக்குவாங்க. நாலரை மணி நேர வித்தியாசம் மூணரை ஆயிரும். இதைச் சொன்னா நீ நம்ப மாட்ட, விடு.

ரெண்டு காலுறை, ரெண்டு பனியன், குல்லா, கையுறை எல்லாம் போட்டிருக்கேன். பாரு, குல்லா. சரியா?

(உள்ளே. ஊதா வெளிச்சம். கண்ணாடிக் கூரை. வரிசை வரிசையாகச் செடிகள்.)

இதான் நான் வேலை பாக்குற எடம். மேலயும் கண்ணாடி, சுத்தியும் கண்ணாடி. வெளிய தண்ணி ஒறையுது, உள்ள எனக்கு வேர்க்குது. பொழுது குட்டையா இருக்குறதால செடிக்குப் பத்தாதுன்னு விளக்குப் போட்டு வெளிச்சம் குடுக்குறாங்க. செவப்பும் நீலமும் கலந்த வெளிச்சம், அதான் எல்லாம் ஊதாவாத் தெரியுது. உன் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல.

(மேற்பார்வையாளர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்குறேன் அப்பாயி, பயப்படாத. இடைவேளை நேரம்.)

செடியப் பாரு. நெட்டுக்க கயித்துல தொங்குது. வாரத்துக்கு ஒரு சாண் வளருது. வளர வளர மேல இருக்குற கயித்தைக் கொஞ்சம் தளத்தி, தண்டைக் கீழ சாய்ச்சு விடணும். கீழ பாத்தியா, பாம்பு மாதிரி சுருண்டு கெடக்கே, அதெல்லாம் பழைய தண்டு. கடைசியில ஒரு செடி முப்பது அடிக்கு மேல போயிரும். கயித்தைத் தளத்துறது, பழுத்த எலைய ஒடிக்கிறது, பக்கக் கிளையக் கிள்ளுறது, இதான் என் வேலை. பக்கக் கிளையக் கிள்ள எனக்கு இங்க யாரும் கத்துத் தரல. முதல் நாளே "ஏற்கெனவே தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன்.

(தரை ஓரம். வெள்ளை உறை போட்ட நீளமான பை. கத்தியால் ஓர் ஓரம் கீறியிருக்கு.)

இதுக்காகத்தான் முக்கியமா வீடியோ எடுத்தேன். செடிக்கு அடியில மண்ணே இல்ல. இந்தப் பைக்குள்ள என்ன இருக்கு சொல்லு பாப்போம்.

(கைநிறையப் பழுப்புத் தூள்.)

தேங்கா நார்த்தூள்! நீ மட்டைய அடிச்சு நார் எடுத்துட்டு, ஒதறித் தள்ளுவியே, அது. கப்பல்ல வருது. சொட்டு சொட்டா உரத்தண்ணி இதுலதான் வுழுது, வேர் இதுலதான் ஓடுது. வந்த புதுசுல எனக்கு யாரையும் தெரியாது, அவங்க பேசுறதும் புரியாது. ஒரு நாள் கிழிஞ்ச பையத் தூக்கிப் போடச் சொன்னாங்க. ஈரமா இருந்துச்சு. மோந்து பாத்தேன் அப்பாயி. மழை பேஞ்ச மறுநாள் நம்ம கொல்லைப் பக்கம் வருமே, அதே வாசம். அங்கனயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். ஒடம்புக்கு முடியலையோன்னு ஒருத்தர் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

சரி, அது அப்ப. இப்ப நல்லாத்தான் இருக்கேன்.

(வண்டி மேலிருந்து. வரிசைக்கு நடுவே போன் மெதுவாக நகருது.)

ரயிலு! கீழ ரெண்டு குழாய் தெரியுதா? அதுக்குள்ள சுடுதண்ணி ஓடுது, செடிக்குக் கணகணப்புக்கு. அதே குழாய்தான் இந்த வண்டிக்குத் தண்டவாளம். உசரத்துல இருக்குற வேலைக்கு இதுல நின்னுக்கிட்டே போவோம். இடுப்புல பெல்ட்டு மாட்டியிருக்கேன், பாரு.

(அட்டைப் பெட்டி. சின்ன ஓட்டை வழியா உருண்டையான வண்டு ஒண்ணு வெளியே வருது.)

சத்தம் போடாத. இது தேனீ இல்ல, அதைவிடக் குண்டு, ஒடம்பெல்லாம் மயிரு. பூவக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உர்ர்ருன்னு நடுங்கும், மகரந்தம் கொட்டும். கேளு...

கேட்டுச்சா? இதுங்க கடிச்ச பூவுல பழுப்புத் தழும்பு விழும். தழும்பு இருந்தா காய் புடிக்கும்னு அர்த்தம். தினம் தழும்பைத் தேடிப் பாக்குறதும் எங்க வேலைதான். என்னைக் கொட்டுனதில்ல. ஒரே ஒரு தடவை, அதுவும் என் தப்பு.

(குழாயடி. உடைச்ச பச்சைத் தக்காளி ஒண்ணு.)

கறைக்கு வருவோம். சோப்பு போட்டா போகாது. தக்காளியவே புழிஞ்சு தேச்சா போகும். பாரு... பாரு... நுரை பச்சையா ஓடுது. இப்ப கை எப்படி இருக்கு? உன் பேரன் கைதான? நகக்கண்ணுல மட்டும் கொஞ்சம் நிக்கும், அதை மன்னிச்சு விடு.

(அறை. ராத்திரி. மறுபடியும் தண்ணி பாட்டில்.)

எப்ப வரன்னு நீ கேக்க மாட்ட, தங்கச்சிய விட்டுக் கேக்கச் சொல்லுவ. இந்தப் போகம் ஆவணியில முடிஞ்சு செடியப் பிடுங்குவாங்க. அப்ப மூணு வாரம் லீவு கேட்டிருக்கேன். இன்னும் சரின்னு சொல்லல. சொன்னதும் உனக்குத்தான் முதல்ல. அதுவரைக்கும் யார்கிட்டயும் வரான்னு சொல்லி வைக்காத.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறியா? எனக்குத் தெரியும், ராத்திரி வுடுறத மறந்துருவ.

நீயும் இதே மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பு. போன தடவை அனுப்புனியே, எட்டு நிமிசம். போன் மல்லாக்கக் கெடந்திருக்கு, உன் மொகமே தெரியல. மேல சுத்துற ஃபேனு மட்டும்தான் தெரிஞ்சுச்சு, அதுவும் கடக் கடக்குனு. பின்னாடி உன் குரல்.

அழிக்கல, வச்சிருக்கேன். ராத்திரி தூக்கம் வரலன்னா அதத்தான் போட்டு விட்டுப் படுக்குறேன். அந்த ஃபேனை மாத்தச் சொல்லி சித்தப்பாவுக்குச் சொல்லிராத, அப்பாயி.