உங்கள் சாரங்களுக்கு ஒரு படப் பட்டியல்

வணக்கம் நானா. வேலை நேரத்திலும் இருத்திக் கதைக்கிறீர்கள், நன்றி. நான் மட்டக்களப்பில் தனியாகப் படப்பிடிப்பு செய்கிறேன். கடைக்காரர்களின் பொருட்களைப் படமெடுத்து, போனிலேயே விற்கக்கூடிய மாதிரி ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் தொழில்.

வரமுன்னர் உங்கள் பேஸ்புக் பக்கத்தை ஆறுதலாகப் பார்த்தேன். படங்களுக்குக் கீழே திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்: விலை என்ன, நீளம் எவ்வளவு, வேறு நிறம் இருக்கா? கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். மருதமுனைக் கைத்தறி என்று தெரிந்து தேடி வந்தவர்கள் அவர்கள். தறியையும் பார்த்துக்கொண்டு எல்லாருக்கும் உடனே பதில் போடுவது யாருக்கும் கஷ்டம்தான்.

அடுத்தது நிறம். பேஸ்புக் படத்தில் கறுப்பு என்று நான் நினைத்த சாரம் இதுதான். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நல்ல கரும்பச்சை. கரையில் ஓடும் மஞ்சள் இழை படத்தில் தெரியவே இல்லை. டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் அப்படித்தான் வரும். நெய்தவரின் கைவேலை முழுக்க அந்தக் கரையில்தான் இருக்கிறது, அதுவே மறைந்து போகிறது.

நான் செய்ய நினைப்பது இதுதான். முதலில் நாற்பது உருப்படி. ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: விரித்தபடி ஒன்று, கரையும் நெசவும் கிட்டத்தில் ஒன்று, உடுத்தபடி ஒன்று. எல்லாம் காலை வெளிச்சத்தில், துணியைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுத்தான் தருவேன். அப்புறம் விலை, நீளம், அகலம், எப்படித் துவைப்பது என்ற குறிப்புகளோடு வட்ஸ்அப் பிசினஸ் பட்டியலில் ஏற்றுவேன். அந்தப் பட்டியலுக்கு வட்ஸ்அப் காசு எடுப்பதில்லை. விலை மாற்றுவது, முடிந்த உருப்படியை எடுப்பது எப்படி என்று கடைப் பிள்ளைகளுக்குக் காட்டித் தருவேன். இதற்காக மாதாமாதம் என்னைக் கூப்பிடத் தேவையில்லை.

எல்லாமாக 48,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு முற்பணம், மிச்சம் பட்டியலைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு. இரண்டு காலை படப்பிடிப்பு, பத்து நாளில் வேலை முடியும். படங்கள் உங்களுக்கே சொந்தம், பேனரில் போட்டாலும் சரி. விளம்பரம் ஓட்டுவது என் வேலையில்லை. விற்பனை இத்தனை மடங்கு கூடும் என்றும் சொல்லமாட்டேன். நிறம் சரியாகத் தெரியும், விலையும் நீளமும் கேட்காமலே கிடைக்கும். இவை இரண்டுக்கும் நான் பொறுப்பு.

முழுவதையும் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். விருப்பமென்றால் ஐந்து சாரம் மட்டும் எடுத்துப் பார்ப்போம், 6,000 ரூபாய். பிடித்துப்போய் மிச்சத்தையும் செய்தால் அந்தக் காசை மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம். பெருநாள் ஓடர் தொடங்குமுன் பட்டியல் கையில் இருந்தால் நல்லது. அதனால் வீட்டில் கதைத்துவிட்டு வெள்ளிக்கு முன் ஒரு சொல் சொன்னால் போதும். முதலில் எந்த ஐந்தை எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள் நானா?